கம்பெனியை மூடியபோது பணம் போன வரிசை

திருப்பூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்தினோம். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. இடையிடையே சொந்தமாகத் துணி எடுத்து உள்ளூருக்கும் கொஞ்சம் தைத்தோம். மூத்தவரை நானும் மாப்பிள்ளையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், ஒரு காலத்தில் இரண்டு பேருமே அவரிடம் வேலை பார்த்தவர்கள். மாப்பிள்ளை என் மனைவியின் தம்பி, தையல் லைனைப் பார்த்துக்கொண்டார். கணக்கும் பேங்கும் என் பொறுப்பு. அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போனது, ஆர்டரும் மெலிந்தது. சண்டை எதுவும் இல்லாமல் மூடிவிடலாம் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

மூடுவது என்று முடிவெடுப்பது சுலபம். வருகிற பணம் யாருக்கு முதலில் போக வேண்டும் என்பதில்தான் நல்ல உறவுகள் முறிகின்றன. எங்கள் கணக்கை முழு லட்சங்களாகச் சுருக்கி இங்கே போடுகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் தங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

லாப நஷ்டம் மூவருக்கும் சமம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தோம். ஆனால் அவரவர் போட்ட முதல் சமமில்லை. மூடிய அன்று புத்தகத்தில் அண்ணன் முதல் 12 லட்சம், என்னுடையது 6 லட்சம், மாப்பிள்ளையுடையது 2 லட்சம். அவரும் ஆரம்பத்தில் இதைவிட அதிகமாகத்தான் போட்டார். வீட்டுச் செலவுக்கு, கல்யாணத்துக்கு என்று எடுத்த பற்று அவர் முதலைக் கரைத்துவிட்டது. இது போக, நடுவில் ஒரு நெருக்கடியில் அண்ணன் கம்பெனிக்குத் தனியாக 2 லட்சம் கடன் கொடுத்திருந்தார். மெஷின் மேல் பேங்க் கடன் 6 லட்சம். கூலி, போனஸ், பிஎஃப், நூல் கடை, அக்சசரீஸ் கடை, மெக்கானிக், கரண்ட் எல்லாம் சேர்த்து வெளிப்பாக்கி 7 லட்சம். மொத்தம் 35 லட்சம்.

எதிர்ப்பக்கத்தில் மெஷின் 18 லட்சம், துணியும் நூலுமாகச் சரக்கு 4 லட்சம், கம்பெனிகளிடமிருந்து வர வேண்டியது 12 லட்சம், பேங்கில் ரொக்கம் 1 லட்சம். அதுவும் 35 லட்சம். வாடகை அட்வான்ஸ் கடைசி மாதங்களின் வாடகையிலேயே கழிந்துவிட்டதால் அதை இதில் சேர்க்கவில்லை.

கையில் இருந்த அந்த 1 லட்சத்தை முதல் நாளே மூடும் செலவுக்கென்று ஒதுக்கினோம். ஆடிட்டர், பேப்பர் விளம்பரம், இறக்கு கூலி, மெஷின் போகும்வரை ஒரு வாட்ச்மேன் என்று அது அப்படியே செலவாகிவிட்டது. யூனிட்டை மூடவும் காசு வேண்டும். அதை முன்கூட்டியே எடுத்து வைக்காவிட்டால், கடைசியில் யாராவது ஒருவர் சொந்தக் கையிலிருந்து போட்டுவிட்டு மற்ற இருவரையும் துரத்த வேண்டியிருக்கும்.

வெளியே சொல்வதற்கு முன்னால் இன்னொரு வேலையும் பார்த்தோம். பாக்கி வர வேண்டிய கம்பெனிகள் ஒவ்வொன்றிடமும் ‘எங்கள் கணக்குப்படி உங்களிடமிருந்து இவ்வளவு வர வேண்டும், சரிதானா’ என்று கடிதம் கொடுத்து, சீல் போட்டு வாங்கினோம். மூடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் ‘அந்த லாட்டில் அளவு குறைந்தது, ஷேட் மாறியது’ என்று பழைய பில்லில் எல்லாம் பணத்தைக் கழித்து டெபிட் நோட் வரும். இனிமேல் வேலை கொடுக்கப் போவதில்லை என்றால் யாருக்கு முகத்தாட்சண்யம்? கடிதம் வாங்கியும் எங்களுக்கு ஏறக்குறைய 1 லட்சம் டெபிட் நோட்டில் போனது. வாங்காமல் இருந்தால் எவ்வளவு போயிருக்குமோ.

அப்புறம் அறிவிப்பு. நம்மில் பலர் இதைச் சம்பிரதாயம் என்று நினைக்கிறோம். 1932-ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி, கலைத்ததைப் பொது அறிவிப்பாகக் கொடுக்கும்வரை ஒரு பார்ட்னர் கம்பெனி பெயரில் செய்வது மற்றவர்களையும் கட்டும். அந்த அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 72-ஆம் பிரிவு சொல்கிறது. அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் ஓடும் உள்ளூர் மொழிப் பத்திரிகை ஒன்றிலும் வர வேண்டும். பதிவு செய்த கம்பெனியாக இருந்தால் கூட்டாண்மைப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். நாங்கள் இதோடு நிற்காமல் நூல் கடை, ஊசி கடை, மெக்கானிக் என்று எல்லோரிடமும் நேரில் போய், இன்று முதல் கம்பெனி பெயரில் கடன் கொடுக்க வேண்டாம் என்று சொன்னோம். பேங்கிலும் இனி இரண்டு கையெழுத்து இல்லாமல் செக் போகாது என்று மாற்றிக்கொண்டோம்.

மெஷின் விற்பனைதான் பெரிய விஷயம். பழைய மெஷின் வியாபாரி வந்தால் பில்லைப் பார்ப்பதில்லை. இரண்டு மடிப்புத் துணியைக் கொடுத்து ஓட்டச் சொல்வார். பின்பக்கம் திருப்பித் தையல் சீராக விழுந்திருக்கிறதா, எண்ணெய் கசிந்து துணியில் கறை படிகிறதா என்று பார்ப்பார். மோட்டார் செர்வோவா, பழைய கிளட்ச் மோட்டாரா என்று குனிந்து பார்ப்பார். எங்களிடம் வந்த முதல் ஆள் ஃபிளாட்லாக் மெஷின்களில் நல்லதை மட்டும் பொறுக்கி, அதற்கு நல்ல விலையும் சொன்னார். நாங்கள் கொடுக்கவில்லை. நல்லது போய்விட்டால் மீதி இரும்பு விலைக்குத்தான் போகும். மொத்தமாக எடுப்பவருக்குத்தான் என்று காத்திருந்து, கம்ப்ரஸர், கட்டிங் டேபிள், லைட் எல்லாம் சேர்த்து லாட்டாகக் கொடுத்தோம். 12 லட்சம் கிடைத்தது.

புத்தகத்தில் 18 லட்சம் இருந்ததே என்று மாப்பிள்ளைக்கு ஆற்றாமை. புத்தகத்தில் மெஷின் மதிப்பு தேய்மானம் என்று வருடா வருடம் சதவீதக் கணக்கில் குறைகிறது. சந்தையில் மெஷின் ஷோரூமை விட்டு வெளியே வந்த அன்றே விலை விழுந்துவிடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மூடுவது பற்றிப் பேச ஆரம்பிக்கும்போதே ஒரு வியாபாரியைக் கூப்பிட்டு விலை கேட்டுவிட்டால், பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துக் கனவு காண்பது நிற்கும்.

மெஷின் பேங்குக்கு அடமானத்தில் இருந்ததால் விற்பனைக்கு முன்னாலேயே பேங்கில் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். வாங்குபவர் பணத்தைக் கடன் கணக்குள்ள கிளைக்கே கட்டினார். பேங்க் தன் 6 லட்சத்தை எடுத்துக்கொண்டு மீதி 6 லட்சத்தை நடப்புக் கணக்கில் போட்டது. அடமானம் வைத்த பொருளின் விலையில் கடைக்காரர்களுக்கு முன்னால் பேங்குக்குத்தான் உரிமை. ஒருவேளை விலை 5 லட்சம்தான் வந்திருந்தால், குறையும் 1 லட்சத்துக்குப் பேங்க் எங்கள் சொந்தச் சொத்தைத் தேடி வந்திருக்கும். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்யும் விண்ணப்பத்தைக் கடைசி மெஷினும் கடைசிச் சரக்கும் பில் போட்டுப் போன பிறகே கொடுத்தோம். பதிவு போய்விட்டால் பில் போட முடியாது. கையில் சரக்கோ மெஷினோ மிஞ்சியிருந்தால் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். ரத்தான பிறகு 3 மாதத்துக்குள் GSTR-10 என்ற கடைசி ரிட்டர்ன் போட வேண்டும், நிறையப் பேர் அதை மறந்து அபராதம் கட்டுகிறார்கள்.

பேங்க் போக 6 லட்சம், வெளிப்பாக்கி 7 லட்சம். இங்கேதான் முதல் நெருக்கடி. தொழிலாளர் கூலி, போனஸ், பிஎஃப் சேர்ந்து 2 லட்சம். அதை முழுசாகக் கொடுத்தோம், அதில் பேச்சுக்கே இடமில்லை. மீதி 4 லட்சம் கையில், கடைக்காரர்களுக்கு 5 லட்சம் தர வேண்டும். ஒரு கடைக்காரர் அண்ணனுக்குச் சொந்தம். ‘நமக்குள்ள என்னங்க, எனக்கு மட்டும் முழுசா முடிச்சிடுங்க’ என்றார். மறுத்துவிட்டு எல்லோருக்கும் ரூபாய்க்கு 80 காசு என்று ஒரே நாளில் செக் கொடுத்தோம். அடமானம் இல்லாத கடைக் கடன்கள் எல்லாம் ஒரே படியில் நிற்பவை. ஒருவருக்கு முழுசும் இன்னொருவருக்குப் பாதியும் கொடுத்தால் பாதி வாங்கியவர் மறுநாளே வக்கீலோடு வருவார். எல்லோருக்கும் ஒரே கணக்கு என்றதும் மிச்ச 20 காசுக்காக அவர்கள் பொறுமையாக இருந்தார்கள்.

வசூலில் முதலில் வந்த 3 லட்சத்தில் அந்த 1 லட்சம் பாக்கியைத் தீர்த்தோம். மீதி 2 லட்சம் அண்ணன் கொடுத்த கடனுக்குப் போனது.

மாப்பிள்ளை கேட்டார்: “அவரும் பார்ட்னர்தானுங்க மாமா, அவருக்கு மட்டும் என்ன முதல்ல?”

கேள்வி நியாயமானதுதான். சட்டத்தின் 48-ஆம் பிரிவு வரிசையைத் தெளிவாக வைத்திருக்கிறது. முதலில் வெளியாருக்குத் தர வேண்டிய கடன்கள். அடுத்து பார்ட்னர்கள் முதலாகப் போடாமல் கடனாகக் கொடுத்த பணம். அதற்கும் பிறகு அவரவர் முதல். அதுவும் தீர்ந்து மிச்சம் இருந்தால்தான் லாப விகிதத்தில் பிரிவினை. அண்ணன் அந்த 2 லட்சத்தைச் செக்காகக் கொடுத்து, புத்தகத்தில் கடன் என்றே பதிந்திருந்தோம். முதல் கணக்கில் சேர்த்திருந்தால் அந்தப் பணமும் கடைசி வரிசையில்தான் நின்றிருக்கும்.

இதுவரை எல்லோருக்கும் புரிந்தது. அடுத்து 4 லட்சம் வசூலானபோதுதான் எல்லோர் பார்வையும் அந்தப் பணத்தின் மேல் விழுந்தது. வெளிக்கடன் இல்லை, அண்ணன் கடனும் தீர்ந்தது. லாபம் சமம் என்றால் ஆளுக்கு 1 லட்சத்து 33 ஆயிரம் என்று மாப்பிள்ளை மனசுக்குள் போட்டு வைத்திருந்தார். பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான் பிரிப்பார்கள். அப்படிப் பிரித்திருந்தால் அந்தப் பணத்தை அவரிடமிருந்து நான் திரும்ப வாங்கியே இருக்க முடியாது.

ஏன் என்பதற்கு மெஷின் விற்ற நாளையே பார்க்கலாம். மெஷினில் நஷ்டம் 6 லட்சம். நஷ்டம் மூவருக்கும் சமம், ஆளுக்கு 2 லட்சம். மாப்பிள்ளையின் முதலே 2 லட்சம்தான். அன்று சாயங்காலமே அவர் முதல் தீர்ந்துவிட்டது. மூடும் செலவு 1 லட்சத்தில் அவர் பங்கையும் சேர்த்தால், மீதிச் சரக்கும் வசூலும் ஒரு பைசா குறையாமல் வந்தாலும் அவர் கணக்கு சைபருக்குக் கீழேதான் நிற்கும். ஆனால் முதல் வேறு, லாபப் பங்கு வேறு என்பது கையில் காசு வரும்போது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

எங்கள் ஆடிட்டர் சொன்ன முறை இதுதான். ஒவ்வொரு தடவை பணம் வரும்போதும், இனி ஒரு பைசாவும் வராது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு. இந்த 4 லட்சமே கடைசி என்றால் மொத்த முதல் 20 லட்சத்தில் 16 லட்சம் நஷ்டம், ஆளுக்கு 5 லட்சத்து 33 ஆயிரம். அண்ணனுக்கு 6 லட்சத்து 67 ஆயிரம் மிஞ்சுகிறது, எனக்கு 67 ஆயிரம். மாப்பிள்ளை 3 லட்சத்து 33 ஆயிரம் கொண்டுவர வேண்டும். அவரால் முடியாது என்று வைத்து அந்தக் குறையை அண்ணன் தலையிலும் என் தலையிலும் பாதிப் பாதி ஏற்று. அண்ணனுக்கு 5 லட்சம் வருகிறது, நானோ 1 லட்சம் தர வேண்டியவனாகிவிடுகிறேன். அதையும் என்னால் தர முடியாது என்று வைத்தால் அதுவும் அண்ணன் மேலேயே விழும். ஆக 4 லட்சமும் அண்ணனுக்கு மட்டும். இப்படிக் கொடுத்தால் யாரிடமும் பிறகு திருப்பிக் கேட்க வேண்டிய நிலை வராது.

ஒவ்வொரு தடவையும் இதைப் போடுவது சிரமம் என்றால் குறுக்கு வழி ஒன்று உண்டு. எங்களைப் போல லாபப் பங்கு சமமாக இருந்தால், முதல்களை மட்டப்படுத்திக்கொண்டே வந்தால் போதும். முதலில் வரும் 6 லட்சம் அண்ணனுக்கே போகட்டும், அப்போது அவர் பாக்கி முதலும் என்னைப் போல 6 லட்சம் ஆகிவிடும். அடுத்த 8 லட்சம் அவருக்கும் எனக்கும் பாதிப் பாதி, அப்போது மூவரும் 2 லட்சத்தில் நிற்போம். அதற்கு மேல் வருவதை மூன்றாகப் பிரிக்கலாம். லாபப் பங்கு 3:2:1 என்று இருந்தால் முதலை அந்த விகிதத்தால் வகுத்துவிட்டு இதே மாதிரி மட்டப்படுத்த வேண்டும்.

இந்த மூன்று வரியையும் ஒரு தாளில் எழுதி, மெஷினை விற்பதற்கு முன்னாலேயே மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். சரியான நேரம் அதுதான். பணம் வராதபோது எல்லோரும் நியாயவான்கள். 4 லட்சம் கணக்கில் வந்த பிறகு அதே தாளை நீட்டியிருந்தால் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். தாளைக் காட்டியபோது, “அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லைங்களா?” என்று மட்டும் கேட்டார். கையெழுத்து இருந்ததால் பேச்சு அதற்கு மேல் வளரவில்லை, ஆனால் வீட்டில் கொஞ்ச நாள் என் மனைவியும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

நடுவில் ஒரு ஃபைனான்ஸ்காரர் வந்தார். மாப்பிள்ளை அவரிடம் சொந்தத்துக்கு வட்டிக்கு வாங்கியிருந்தார். கம்பெனியில் அவர் பங்குக்கு என்ன இருக்கிறதோ அதைக் கொடுங்கள் என்றார். 49-ஆம் பிரிவுப்படி கம்பெனிச் சொத்து முதலில் கம்பெனிக் கடனுக்கு. எல்லாம் போக மிஞ்சுவதில் அந்தப் பார்ட்னருக்கு ஒரு பங்கு இருந்தால்தான் அவருடைய சொந்தக் கடன்காரருக்குக் கிடைக்கும். பங்கே இல்லை என்று கணக்கைக் காட்டினேன். காபி குடித்துவிட்டுப் போனார்.

மீந்த துணியையும் பீஸையும் காதர்பேட்டை வியாபாரி ஒருவர் கிலோ கணக்கில் எடுத்தார், 2 லட்சம் வந்தது. அது அப்படியே அண்ணனுக்கு. அத்தோடு அவருக்கு 6 லட்சம் ஆனது. கடைசியாக வசூலும் டிடிஎஸ் ரீஃபண்டும் சேர்ந்து 2 லட்சம் வந்தது, அது அண்ணனுக்கும் எனக்கும் ஆளுக்கு 1 லட்சம். வேலை கொடுத்த கம்பெனிகள் நம் பில்லில் பிடித்த டிடிஎஸ், ரிட்டர்ன் போட்ட பிறகுதான் திரும்பி வரும், அதுவும் கம்பெனி பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வரும். மூடிவிட்டோமே என்று அவசரப்பட்டு அந்தக் கணக்கை முடித்துவிட்டால் ரீஃபண்ட் நடுவழியில் நிற்கும். வர வேண்டிய 12 லட்சத்தில் 3 லட்சம் வரவே இல்லை. டெபிட் நோட்டில் 1 லட்சம், தானே மூடிப்போன ஒரு கம்பெனியில் 2 லட்சம்.

முடிவுக் கணக்கு இப்படி நின்றது. மெஷினில் 6, சரக்கில் 2, வசூலில் 3, செலவு 1, ஆக 12 லட்சம் நஷ்டம், ஆளுக்கு 4 லட்சம். அண்ணனுக்குச் சேர வேண்டியது 8 லட்சம், வந்தது 7. எனக்குச் சேர வேண்டியது 2 லட்சம், வந்தது 1. மாப்பிள்ளை 2 லட்சம் உள்ளே கொண்டுவர வேண்டும். முதல் போதாத நஷ்டத்தைப் பார்ட்னர் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பதும் 48-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

அவர் உண்மையிலேயே நொடித்துப் போயிருந்தால் அந்த 2 லட்சத்தை அண்ணனும் நானும் எப்படிச் சுமப்பது என்ற கேள்வி வரும். கார்னர் எதிர் மர்ரே என்ற 1904-ஆம் வருடத்து இங்கிலாந்து வழக்கைக் காட்டி ஆடிட்டர்கள் முதல் விகிதத்தில் சுமக்கச் சொல்வார்கள். அதன்படி அண்ணனுக்கு மூன்றில் இரண்டு பங்கு சுமை, எனக்கு ஒரு பங்கு. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் பத்திரம்தான் செல்லும். எங்கள் பத்திரத்தில் குறையைச் சமமாக ஏற்பது என்று இருந்தது. இந்த ஒரு வரியால் என் பங்குச் சுமை 67 ஆயிரத்திலிருந்து 1 லட்சமாகக் கூடியது. பத்திரம் எழுதும்போது பெரும்பாலும் யாரும் படிக்காத வரி இது, அதிக முதல் போடுபவரும் குறைவாகப் போடுபவரும் இதில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிறார்கள்.

மாப்பிள்ளை நொடிக்கவில்லை. பக்கத்து யூனிட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் தனித்தனியாக 1 லட்சத்துக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்து, தவணையில் கட்டி முடித்தார். அண்ணனுக்கு முதலில், எனக்குப் பிறகு. நான்தான் அப்படிச் சொன்னேன், மருந்துச் செலவு அவருக்குத்தானே.

கலைப்புப் பத்திரத்தில் மூன்று வாசகங்களைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னார் ஆடிட்டர். பின்னால் முளைக்கும் வரி, பிஎஃப் நோட்டீஸ் எதுவானாலும் மூவரும் சமமாக ஏற்க வேண்டும், ஒருவர் கட்டினால் மற்றவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒன்று. வரித்துறை மூவரில் யாரிடமும் முழுத்தொகையைக் கேட்கலாம் என்பதால் இந்த வாசகம் இல்லாமல் இருக்கக் கூடாது. வராக்கடன் என்று விட்ட 3 லட்சத்தில் ஏதாவது வந்தால், மட்டக் கணக்கில் அடுத்து யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்கே போகும் என்பது இரண்டாவது. புத்தகங்கள் யாரிடம் இருக்கும் என்பது மூன்றாவது. ஜிஎஸ்டிக்கு மட்டுமே ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அவை என் வீட்டு மாடியில் இரண்டு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. ஒரு தடவை பழைய வருடத்துப் பில் ஒன்றைக் கேட்டு நோட்டீஸ் வந்தது, பெட்டியைப் பிரித்து எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்தேன், அவர் பதில் போட்டார், அத்தோடு முடிந்தது.